ஒட்டாத படங்கள்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் மேப்பக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த அதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார். டிரோன் ஓட்டுகிறவனுக்குப் பருந்து என்று பெயர். அவன் பறக்கவிட்டு எடுத்துவரும் படங்களை ஒட்டி வரைபடமாக்கி, எந்த வயலில் எவ்வளவு பயிர் போயிற்று என்று அளந்து சொல்வது அவள் வேலை.

ஆறு கரையை உடைத்த வாரத்தில் அந்த வேலை அவள் கழுத்தை நெரித்தது. மேலிடத்திலிருந்து மணிக்கொரு தரம் போன். பருந்து காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். முழங்கால் வரை சேறும், சட்டைப்பை நிறைய மெமரி கார்டுமாக வந்து, அவள் மேசையில் கொட்டிவிட்டு, "இந்தாங்கக்கா, இன்னிக்கு அறுவடை" என்பான். சிரிக்கும் நிலைமையில் யாரும் இல்லை. ஆனாலும் சிரிப்பார்கள்.

நீர் வடியத் தொடங்கிய ஒரு காலைப்பொழுதில் சோளக்காட்டுக்காரி அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பதைத் தாண்டிய வயது. மக்காச்சோளம் போட்டிருந்தாள், ஆற்றை ஒட்டிய நிலம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தவள் உட்காரவில்லை.

"என் காடு பாதிகூடப் போகலைன்னு பட்டியல்ல போட்டிருக்கீங்க. யாரு வந்து பார்த்தா?"

"டிரோன் விட்டு எடுத்தோம்மா. உட்காருங்க."

"உட்கார்றதுக்கு வரலை. பாதிக்கு மேல போனாத்தான் முழுச் சேதம்னு எழுதுவீங்களாம். ஆத்துப் பக்கம் பள்ளம் பூரா தண்ணிக்குள்ள கிடக்கு. மேட்டுல நாலு தட்டை நிக்குதுன்னு அதை மட்டும் பார்த்துட்டுப் போனீங்களா?"

மேப்பக்கா வரைபடத்தைத் திரையில் எடுத்தாள். மேட்டுப் பகுதியில் பயிர் பச்சையாக நின்றது. அதற்குக் கீழே சாய்ந்த பயிர், சீவாத தலைமுடி மாதிரி நாலா பக்கமும் படுத்துக் கிடந்தது. அதற்கும் கீழே சேறு. அதோடு படம் முடிந்துவிட்டது.

சோளக்காட்டுக்காரி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"இவ்வளவுதானா? இதுக்கு அந்தாண்ட மோட்டார் கொட்டகை இருக்கணுமே. கொட்டகையைத் தாண்டி வரப்பு. வரப்பைத் தாண்டித்தான் ஆறு. என் காட்டுல பாதியை எங்கம்மா விட்டீங்க?"

மேப்பக்காவுக்கு முகம் சுருங்கிப்போனது. நிலப் பதிவேட்டிலிருந்த எல்லைக்கோட்டை வரைபடத்தின் மேல் போட்டுப் பார்த்தாள். அந்த அம்மாள் சொன்னது சரி. எல்லைக்கோடு படத்தைத் தாண்டி வெறுமைக்குள் போனது. நூற்றுக்கணக்கான வயல்களை ஒரே மூச்சில் கணக்குப் போட்டபோது, படம் இருந்த இடத்தை மட்டும் மென்பொருள் அளந்திருக்கிறது. படம் இல்லாத இடத்தைச் சேதமென்றும் சொல்லவில்லை, சேதமில்லையென்றும் சொல்லவில்லை. கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"தப்பு எங்க பக்கம்தான். திருத்தித் தரேன். நாளைக்கு வாங்க. உங்களுக்கு அலைச்சல்னா வீட்டுலேருந்து யாரையாவது அனுப்புங்க."

"யாரை அனுப்ப? ஒரு தம்பி இருந்தான். அவனும் வெள்ளத்தன்னிக்கு ஓடிட்டான்."

"ஓடிட்டாரா?"

"காட்டை வித்துட்டு டவுனுக்குப் போலாம்னு ஒரு வருஷமா நச்சரிப்பு. அன்னிக்கும் சண்டை. போனா திரும்பி வராதேன்னேன். கிளம்பிட்டான். வண்டியை மேட்டு ரோட்டுல பஸ் நிக்கிற இடத்துல போட்டுட்டு, போனையும் அணைச்சுட்டு ஏறிட்டான். ஊரே தண்ணியில தத்தளிக்குது, துரைக்குக் கோபம்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "வரட்டும். வாசப்படி ஏறவிட்டாத்தானே."

அந்தக் கோபம்தான் அவளை நிற்க வைத்துக்கொண்டிருந்தது என்று மேப்பக்காவுக்குத் தோன்றியது. அவள் போன பிறகு வேலையில் உட்கார்ந்தாள்.

விடுபட்ட படங்கள் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். டிரோன் உழவு மாடு மாதிரி ஒரு சால் போய், திரும்பி, பக்கத்துச் சாலில் வரும். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு படம் எடுக்கும். ஒரு படத்தில் விழுந்த இடமே அடுத்த படத்திலும், பக்கத்துச் சாலின் படத்திலும் விழும்படி நெருக்கமாக எடுப்பார்கள். இந்தப் படத்தில் இருக்கும் கல்லும் அந்தப் படத்தில் இருக்கும் கல்லும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்துக் கண்டுபிடித்துத்தான் மென்பொருள் படங்களை ஒட்டும். தண்ணீரில் அந்தப் பாச்சா பலிக்காது. எங்கு பார்த்தாலும் ஒரே பழுப்பு. அலையோ நொடிக்கு நொடி மாறும். எதை எதோடு ஒட்டுவது? ஒட்ட முடியாத படங்களை மென்பொருள் ஓரமாகத் தள்ளிவிடும்.

தள்ளப்பட்ட படங்களை அவள் திறந்தாள். மென்பொருளுக்கு வேண்டாதவையானாலும், ஒவ்வொரு படத்தோடும் அதை எடுத்த இடம், உயரம், நேரம், டிரோன் பார்த்த திசை எல்லாம் பதிந்திருந்தன. அதை வைத்துக் கையாலேயே வேலையை முடிக்கலாம். கேமரா நேர்கீழே பார்த்துத்தான் எடுத்திருக்கிறது. அதனால் படத்தின் நடுப்புள்ளிதான் டிரோன் நின்ற இடம். உயரம் தெரிந்தால் ஒரு படம் எவ்வளவு தரையை மூடும் என்பது தெரியும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தரையில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். திசைக்கேற்ப ஒவ்வொரு படத்தையும் திருப்பி அதன் இடத்தில் வைத்தாள். சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். மேட்டு ரோட்டில் ஒரு சிறு பாலம், வரைபடத்திலும் இருந்தது, ஓரத்துப் படம் ஒன்றிலும் விழுந்திருந்தது. அதை வைத்து எல்லாப் படங்களையும் சற்று நகர்த்திச் சரிசெய்தாள்.

பிறகு நீரின் ஓரத்தைக் கோடாக வரையத் தொடங்கினாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை. தண்ணீர், தண்ணீர், மூழ்கிய சோளத்தின் நுனிகள் கோடுகோடாக, மறுபடி தண்ணீர்.

நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் வந்தது. தகரக் கூரை. மோட்டார் கொட்டகை இதுதான் போலிருக்கிறது என்று, அடையாளம் வைப்பதற்காகப் பெரிதாக்கினாள்.

கூரைமேல் கறுப்பாக ஒன்று இருந்தது. மூட்டையோ என்று நினைத்தாள். இன்னும் பெரிதாக்கினாள்.

நேர்மேலிருந்து பார்த்தால் மனிதன் மனிதனாகத் தெரியமாட்டான். ஒரு தலை, இரண்டு தோள், அவ்வளவுதான். ஆனால் பருந்து அந்த வயலின் மேல் பறக்கவிட்டது மழை விட்ட மறுநாள் சாயங்காலம். சரிந்த வெயில் தகரத்தின்மேல் நிழலை நீட்டிப் போட்டிருந்தது. உட்கார்ந்திருந்த ஒரு ஆளின் நிழல். பக்கத்தில் பெட்டி மாதிரி ஏதோ ஒன்று.

அடுத்த படத்தில் அந்த நிழல் நீண்டிருந்தது. எழுந்துவிட்டான்.

அதற்கடுத்த படத்தில் நிழலுக்குக் கை இருந்தது. கையில் ஏதோ துணி. சட்டையாகத்தான் இருக்கும். அதற்கடுத்ததில் அந்தத் துணி வேறு பக்கம் இருந்தது. ஆட்டுகிறான்.

பிறகு கூரை படத்தின் ஓரத்துக்கு நகர்ந்து மறைந்துவிட்டது. டிரோன் தன் சாலில் முன்னே போய்விட்டது.

மேப்பக்கா பக்கத்துச் சாலின் படங்களைத் தேடி எடுத்தாள். டிரோன் திரும்பி வருகிறது. கூரை மறுபடி வருகிறது. இந்தமுறை முதல் படத்திலேயே அவன் நின்றுகொண்டிருந்தான். கூரையின் விளிம்புக்கே வந்து, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு. தன்னைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருகிறது என்று நினைத்திருப்பான். வேறு என்ன நினைப்பான்?

மூன்றாவது சாலில் கூரை ஓரத்தில்தான் விழுந்திருந்தது. அதில் அவன் மறுபடி உட்கார்ந்திருந்தான்.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் தண்ணீர்க் குடம் வரை போனாள். குடிக்காமல் திரும்பி வந்தாள். பருந்துக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்க?"

"கீழதாங்கக்கா. பேட்டரி சார்ஜ் போட்டுட்டு இருக்கேன்."

"உடனே மேல வா."

வந்தவன் திரையைப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். அப்புறம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"நான் பார்க்கலக்கா. சத்தியமா பார்க்கல. ரோட்டுல நின்னுதான் ஓட்டினேன். கையில இருந்த திரை இத்தனூண்டு. தண்ணி வேற வெயில்ல பளபளன்னு. காத்து பலமா இருந்துச்சு, பேட்டரி இறங்குது, நான் அதையேதான்... அக்கா, நான் எப்படிக்கா பார்க்காம விட்டேன்?"

"அதை அப்புறம் பேசலாம். அன்னைக்கு அப்புறம் அந்தப் பக்கம் பறக்கவிட்டியா?"

"நேத்து. தண்ணி எவ்வளவு வடிஞ்சிருக்குன்னு பார்க்க."

நேற்றைய படங்கள் நன்றாக ஒட்டியிருந்தன. நீர் பாதி இறங்கி, சேறும் தட்டையுமாகத் தரை தெரிந்தது. கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. சுவர் ஒன்றின் மூலை மட்டும் நின்றது. பக்கத்தில், முழங்கால் ஆழச் சேற்றுத் தண்ணீரில், தகரம் கவிழ்ந்து கிடந்தது.

ஆள் நின்ற படங்களிலிருந்த நேரத்தை அவள் பார்த்தாள். அது ஐந்து நாளைக்கு முந்தைய சாயங்காலம்.

அதிகாரியிடம் போனார்கள். அவர் எல்லாப் படங்களையும் பார்த்தார். அப்புறம் மீட்புப் படைக்குப் போன் போட்டார். அவர்கள் இடத்தைக் கேட்டார்கள். அவர் படத்தோடு பதிந்திருந்த எண்களை அப்படியே வாசிக்கப் போக, மேப்பக்கா குறுக்கிட்டாள்.

"சார், அது டிரோன் நின்ன இடம். கொட்டகை அதுலேருந்து தள்ளி இருக்கு. இருங்க."

படத்தின் நடுவிலிருந்து கூரை எத்தனை புள்ளி தள்ளியிருக்கிறது, எந்தத் திசையில் என்று அளந்து, மீட்டராக்கி, பாலத்தை வைத்துச் செய்த திருத்தத்தையும் சேர்த்து வேறு எண்களைக் கொடுத்தாள். மற்ற இரண்டு சால்களிலிருந்தும் தனித்தனியே கணக்குப் போட்டாள். மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டின.

படகு அந்த இடத்துக்கு நேராகப் போயிற்று. பொழுது இறங்குமுன் செய்தி வந்தது. தகரத்துக்கு அடியில் இருந்தான், சோளக்காட்டுக்காரியின் தம்பி. பக்கத்திலேயே மோட்டார். கழற்றிக் கயிறு கட்டிக் கூரைமேல் ஏற்றியிருக்கிறான். சுவர் ஊறிச் சரிந்தபோது எல்லாம் சேர்ந்து விழுந்திருக்கிறது. வண்டியை மேட்டு ரோட்டில் விட்டது பஸ் ஏற அல்ல. கீழே போகும் பாதையில் அப்போதே தண்ணீர் வந்துவிட்டது. அதனால் நடந்து போயிருக்கிறான்.

"எப்ப விழுந்ததுன்னு தெரியலை. அன்னைக்கு ராத்திரியே கூட இருக்கலாம்" என்று படைத்தலைவர் போனில் சொன்னார். "நீங்க மனசை வருத்திக்காதீங்க." யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. போனைப் பிடித்திருந்தவர் அதிகாரி.

சோளக்காட்டுக்காரிக்குப் போலீஸார் சொல்லிவிட்டார்கள். உடலை எரித்தும் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து அவள் அலுவலகத்துக்கு வருகிறாள் என்று தகவல் வந்ததும் அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"அந்தம்மா நில விஷயமா வருது. திருத்தின அளவைக் கொடு. மூணுல ரெண்டு பங்கு மூழ்கியிருக்குன்னு தெளிவா போட்டுட்டே, நல்லது. மத்தபடி, படத்துல கொட்டகை விழுந்து கிடந்ததைப் பார்த்துத் தேடச் சொன்னோம்னு சொல்லு. அது பொய்யில்லையே."

"முழுசும் இல்லையே சார்."

"முழுசும் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? செத்தவன் செத்துட்டான். கை ஆட்டினான்னு வேற தெரிஞ்சா அந்தப் பொம்பளை மிச்ச நாளைக்குத் தூங்குமா?"

பருந்து சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். இரண்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தான். "சொல்ல வேணாம்கா" என்றான். "எனக்காகச் சொல்லலை." கொஞ்சம் பொறுத்து, "எனக்காகவும்தான்" என்றான்.

சொல்லாமல் விடுவதே நல்லது என்றுதான் மேப்பக்காவுக்கும் தோன்றியது. அந்த நினைப்போடுதான் தன் மேசைக்குப் போனாள்.

சோளக்காட்டுக்காரி இந்தமுறை உட்கார்ந்தாள். திருத்திய வரைபடத்தைக் காட்டி, மூழ்கிய பகுதி இது, சாய்ந்தது இது, தப்பியது இது என்று மேப்பக்கா விளக்கினாள். அந்த அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டாள். எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான் இடம் சொன்னீங்களாமே. போட்டுல வந்த பசங்க சொன்னாங்க. நேரா கொட்டகைக்கே போனாங்களாம்."

"ஆமாம்மா. தண்ணி வடிஞ்சப்புறம் எடுத்த படத்துல கொட்டகை விழுந்து கிடந்துச்சு."

"ஆத்தோரம் எத்தனையோ கொட்டகை விழுந்து கிடக்கு. இதுல ஆள் இருக்குன்னு எப்படித் தெரியும்? அவன் ஓடிட்டான்னு நானே உங்ககிட்டச் சொன்னேனே."

மேப்பக்காவின் கண் தன்னையறியாமல், வாசலோரம் வந்து நின்றிருந்த பருந்தின் பக்கம் போயிற்று. அதை அந்த அம்மாள் பார்த்துவிட்டாள்.

"என்னம்மா? என்ன மறைக்கிறீங்க?" அவள் குரல் மிகவும் தாழ்ந்துபோனது. "உசுரோட இருந்தானா?"

பொய் சொல்ல வாயெடுத்தால் வந்திருக்கும். அறையில் யாரும் அவளைத் தடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் எதிரே இருந்தவள், தம்பி தன்னை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று ஒரு வாரம் ஊரெல்லாம் வைதுகொண்டிருந்தவள். அவனைப் பற்றி அவளுக்கு இனி மிஞ்சியிருப்பது இந்தப் பத்துப் பன்னிரண்டு படங்கள்தான். அதைத் தான் வைத்துக்கொண்டு அவளை வெறுங்கையோடு அனுப்ப மேப்பக்காவுக்கு மனம் வரவில்லை.

"இருந்தாரு. மழை விட்ட மறுநாள் சாயங்காலம் நாங்க பறக்கவிட்டப்போ கூரைமேல இருந்தாரு. அந்தப் படங்களை நாங்க யாரும் அப்ப பார்க்கலை. நீங்க வந்து பாதிக் காட்டைக் காணோம்னு கேட்ட அன்னைக்குத்தான் நான் திறந்தேன்."

"காட்டுங்க."

"வேணாம்மா."

"காட்டுங்கன்றேன்ல."

காட்டினாள். ஒவ்வொன்றாக. அந்த அம்மாளுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. "இது நிழல்" என்று மேப்பக்கா விரலால் சுற்றிக் காட்டியதும் பிடிபட்டுவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பார்த்தாள். நிழலின் கையில் துணி வந்த படத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"இடது கை" என்றாள். "சோத்துக்கும் அந்தக் கைதான். எவ்வளவு அடிச்சும் மாத்திக்கலை."

எல்லாப் படமும் முடிந்தது.

"அவன் தலைக்கு மேல ரெண்டு தடவை வந்திருக்கு."

"மூணு."

"யாரு ஓட்டினது?"

பருந்து முன்னால் வந்தான். "நான்தாங்கக்கா" என்று மட்டும் சொன்னான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவனுக்கும் ஏறக்குறைய அவள் தம்பியின் வயது.

"என்னை அக்கான்னு கூப்பிடாதே" என்றாள்.

கத்தவில்லை. சாபமும் விடவில்லை. அவன் தலையைக் குனிந்தபடி அங்கேயே நின்றான். போகச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை.

அவள் மேப்பக்காவிடம் திரும்பினாள். "இதுல ஒண்ணை எனக்குப் பெருசா போட்டுக் குடுப்பீங்களா? சொந்தக்காரங்க வீடு வீடா போய்க் காட்டணும். ஓடிப்போனவன்னு எல்லாரும் பேசினாங்க. முதல்ல பேசினவ நான்."

"எந்தப் படம் வேணும்?"

அவள் யோசித்தாள். "கையைத் தூக்கிட்டு நிக்கிறது வேணாம். அதை நான் பார்த்தது போதும். உட்கார்ந்திருக்கிறானே, முதல்ல. பக்கத்துல மோட்டார் தெரியுதுல்ல? அது."

மேப்பக்கா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கூரை நடுவில் வரும்படி வெட்டி, அச்சடித்துக் கொடுத்தாள். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. முகம் தெரியாது. அந்த அம்மாள் அதை மடிக்காமல், ஈரம் படாமல், மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதிகாரி மேப்பக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி வெள்ளத்தில் எடுக்கிற படங்களை, ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும், அன்றன்றைக்கே ஒரு ஆள் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்ததை மேலே அனுப்பி வைத்தார். ஆள் பற்றாக்குறை என்று பதில் வந்தது. பருந்து அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டான். எங்கோ ஒரு கடையில் போன் ரிப்பேர் செய்கிறான் என்று கேள்வி. அவன் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், கெட்டிக்காரி.

அவள் கார்டுகளைக் கொண்டுவந்து வைத்ததும் மேப்பக்கா உடனே வரைபட வேலையைத் தொடுவதில்லை. முதலில் எல்லாப் படங்களையும் ஒரு தரம் பார்த்துவிடுகிறாள். பெரும்பாலும் தண்ணீர்தான். ஒருமுறை ஒரு வீட்டுக் கூரைமேல் நாய் ஒன்று நின்றது. படகு அனுப்பினார்கள். படகு போனபோது நாய் அங்கே இல்லை.